போனில் பேசி முடித்த தவணையை எழுத்தில் கொண்டுவருவது எப்படி

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் ஒரு மொத்தக் காகிதக் கடையில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அச்சகக்காரர்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் சின்னச் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர்கள். காகிதம் கடனில்தான் போகும், பணம் பிறகுதான் வரும். ஆடி மாதம் நெருங்கினால் கல்யாணப் பத்திரிகை வேலை நின்றுவிடும், அவர்கள் கையில் பணப்புழக்கம் இருக்காது. அந்த நேரத்தில்தான் "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன்" என்ற பேச்சு போனில் நடக்கும்.

அப்படி ஒரு பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகளை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், நடந்த விதம் அப்படியே.

அவர் திருவல்லிக்கேணியில் பிரஸ் வைத்திருக்கிறார். எங்களிடம் பல வருடமாக வாங்குபவர், நாணயமானவர். மூன்று பில் பாக்கி. ஏப்ரல் 4 தேதியிட்டது 62,540 ரூபாய், ஏப்ரல் 22 தேதியிட்டது 48,200, மே 9 தேதியிட்டது 71,660. எங்கள் லெட்ஜர்படி மொத்தம் 1,82,400. ஜூன் கடைசி வாரத்தில் போன் பண்ணிப் பேசினோம். "ஒண்ணே முக்கால் லட்சம்மா, அஞ்சு மாசத்துல முடிச்சுடறேன். ஆடி முடியற வரைக்கும் கம்மியா போடறேன், அப்புறம் காலண்டர் வேலை வந்துடும், சேர்த்துப் போட்டுடறேன். ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதிக்குள்ள வந்துடும்" என்றார். நான் சரி என்றேன். ரெண்டு பக்கமும் திருப்தியாகத்தான் போனை வைத்தோம்.

வைப்பதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன். "அண்ணே, இப்ப பேசினதை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பறேன், உங்க கணக்கோட சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க." இதைப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுவது முக்கியம் என்பது என் கருத்து. சொல்லாமல் மறுநாள் திடீரென்று ஒரு நீளமான மெசேஜ் போனால், "என்ன, நம்ம வார்த்தையை நம்பலையா" என்று மனதில் பட்டுவிடும். "உங்க கணக்கோட பாருங்க" என்று கேட்டால் அவரும் தன் நோட்டைப் புரட்டுவார். நமக்குத் தேவையும் அதுதான்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் இடித்தது தொகை. அவர் சொன்னது ஒன்றே முக்கால் லட்சம், எங்கள் கணக்கில் 1,82,400. நடுவில் 7,400 ரூபாய். போனில் 'ஒண்ணே முக்கால்' என்று சொல்வது வெறும் பேச்சு வழக்கா, இல்லை அவர் நோட்டில் உண்மையிலேயே வேறு தொகை இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அதனால் அந்தத் தொகையை நானாகச் சரிசெய்து எழுதவில்லை. மூன்று பில்லையும் எண், தேதி, தொகையோடு தனித்தனியாக அனுப்பி, "இதில் எதாவது உங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லையா" என்று மட்டும் கேட்டேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மே மாத லோடில் சில ரீம் ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டு ஓரம் அலை அலையாக வந்திருக்கிறது. மெஷினில் ஓட்ட முடியாமல் அதே வண்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறார். சரக்கு எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, கிரெடிட் நோட் போடப்படவில்லை. தொகை 6,400. குடோன் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு கிரெடிட் நோட் போட்டோம். 1,82,400இல் 6,400 போனால் 1,76,000. அவர் வாய்மொழியாகச் சொன்ன ஒன்றே முக்காலுக்கும் இதற்கும் இருந்த 1,000 ரூபாய் பேச்சு வழக்குதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். தவணை பற்றிய தகராறுகளில் நான் பார்த்தவரை, 'கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை' என்பது ஒரு வகைதான். கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று அவரும், இன்னும் பாக்கி இருக்கிறது என்று நாமும் நம்புவது இன்னொரு வகை. இரண்டாவதில் யாரும் பொய் சொல்லவில்லை, அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. ஆரம்பத் தொகையை ரெண்டு பேரும் பில் வாரியாகப் பார்த்து ஒத்துக்கொள்ளாமல் தவணையைப் பற்றி எழுதவே கூடாது. கடைசித் தவணை வரும்போதுதான் அந்த 6,400 வெளியே வரும். அதற்குள் திருப்பி அனுப்பிய சரக்கு வேறு யாருக்காவது போயிருக்கும், வண்டிக்காரருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்து தேதி. 'பத்தாம் தேதிக்குள்' என்று பேசியதை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் ஜிஎஸ்டியில் ஒரு விதி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால், வாங்கியவர் அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் வரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் கையிலிருந்து பணம் போகும். மே 9 பில்லுக்கு நாளை எண்ணிப் பார்த்தால் 180ஆவது நாள் நவம்பர் 5. கடைசித் தவணையை நவம்பர் 10 என்று வைத்தால் ஐந்து நாளில் அவருக்கு வீண் செலவு. போனில் யாருக்கும் இது தோன்றவில்லை, காலண்டரை வைத்து எழுதும்போதுதான் தெரிந்தது. சொன்னதும் எல்லாத் தவணையையும் ஐந்தாம் தேதிக்கு அவரே மாற்றச் சொன்னார். தவணைத் தேதி போடும் எவரும் பழைய பில்லின் 180ஆவது நாளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, போனில் ரெண்டு பேருமே வாயைத் திறக்காத விஷயம்: வட்டி. எங்கள் பில்லின் அடியில், முப்பது நாளுக்கு மேல் போனால் ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி என்று அச்சடித்திருக்கும். எல்லாக் கடை பில்லிலும் இப்படி ஏதாவது இருக்கும், சாதாரணமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் ஐந்து மாதத் தவணை என்று வரும்போது, 'வட்டி உண்டா இல்லையா' என்று எழுதாமல் விட்டால் அவர் இல்லை என்று நினைப்பார், எங்கள் முதலாளி பின்னால் ஒருநாள் கோபத்தில் கேட்டாலும் கேட்பார். வட்டியை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. முதலாளியிடம் கேட்டேன். "சொன்ன தேதிக்கு வந்தா வட்டி வேணாம், ரெண்டு தவணை சேர்ந்து தவறினா அப்ப பேசிக்கலாம்" என்றார். 'அப்ப பேசிக்கலாம்' என்பதை எழுத்தில் வைக்க முடியாது. என்ன ஆகும் என்பதைக் கேட்டு வாங்கித்தான் எழுதினேன்.

எல்லாம் சேர்ந்து அனுப்பிய மெசேஜ் இது. பில் எண்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"அண்ணே வணக்கம். ஜூன் 24 அன்று போனில் பேசியது, அதன் பிறகு சரிபார்த்தது, இரண்டும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 4, ஏப்ரல் 22, மே 9 தேதியிட்ட மூன்று பில்லுக்கும் சேர்த்து, திருப்பி அனுப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட் 6,400 கழித்து, இன்றைய பாக்கி 1,76,000 ரூபாய்.

இதை ஜூலை 5 அன்று 20,000, ஆகஸ்ட் 5 அன்று 20,000, செப்டம்பர் 5 அன்று 45,000, அக்டோபர் 5 அன்று 45,000, நவம்பர் 5 அன்று 46,000 என்று கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். வரும் பணம் பழைய பில்லுக்கு முதலில் வரவு வைக்கப்படும்.

இந்தத் தேதிகளில் வந்தால் வட்டி இல்லை. தொடர்ந்து இரண்டு தவணை வராவிட்டால், இரண்டாவது தவறிய தேதியிலிருந்து மீதித் தொகைக்கு பில்லில் உள்ளபடி வட்டி சேரும். ஏதாவது தவணை தள்ளிப்போகும் என்றால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லுங்கள்.

இனி வாங்கும் சரக்கு இந்தக் கணக்கில் சேராது. அதற்கான பணம் பில் தேதியிலிருந்து 7 நாளில். பணம் அனுப்பும்போது 'பழைய பாக்கி' அல்லது புது பில் எண் என்று குறிப்பு போடுங்கள்.

இதில் எதாவது நாம் பேசியதற்கு மாறாக இருந்தால் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன். சரியாக இருந்தால், தொகையையும் கடைசித் தேதியையும் எழுதி சரி என்று பதில் போடுங்கள்."

கடைசி வரி எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் இதற்குக் கட்டைவிரல் படம்தான் போடுவார்கள். அது 'பார்த்தேன்' என்பதா, 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதா என்று பின்னால் கேள்வி வரும். பதிலே வராவிட்டால் அது என் பக்கப் பதிவு மட்டும்தான், ரெண்டு பேருக்கும் பொதுவான பதிவு ஆகாது. அவரும் முதலில் கட்டைவிரல்தான் போட்டார். போன் பண்ணி, "அண்ணே, ஒரு வரி எழுதிடுங்க, ஆடிட்டர் கேட்பார்" என்றேன். "1,76,000, நவம்பர் 5க்குள் முடித்துவிடுகிறேன், சரி" என்று எழுதினார். போதும்.

அதே வாசகத்தை, பில் அனுப்பும் இமெயில் முகவரிக்கும் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் கொஞ்ச நேரத்துக்குள் மெசேஜைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். தானாக மறையும் மெசேஜ் அமைப்பு போட்டிருந்தால் சில நாளிலோ தொண்ணூறு நாளிலோ எல்லாமே போய்விடும். நம் தவணை அதைவிட நீளம். அதனால் அந்த அமைப்பு அணைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பதில் வந்ததும் Export chat வழியாகப் பேச்சு முழுவதையும் எடுத்து பார்ட்டி பெயரில் உள்ள கோப்பில் போட்டு வைத்தேன். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருப்பது பலவீனமான பதிவு. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டியிருக்கும். மூலப் பேச்சு போனிலேயே அழியாமல் இருந்தால் அந்த வேலை எளிது.

இதோடு ஒரு காகிதமும் உண்டு. கடை வழக்கில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்போம். 'ஜூன் 30 தேதியில் நான் இன்ன கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 1,76,000' என்று லெட்டர்ஹெட்டில், அவர் கையெழுத்து, பிரஸ் முத்திரையோடு. அடுத்த லோடு குட்டி யானையில் போனபோது டிரைவரிடம் ரெண்டு பிரதி கொடுத்தனுப்பினேன். ஒன்றில் கையெழுத்து வாங்கி வந்தார், இன்னொன்று பிரஸ்காரரிடமே இருந்தது. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடும் காலம் பொதுவாக 3 ஆண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுதி, கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாக ஓடும். காலம் முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பிரிவில் அந்தப் பலன் கிடையாது. வாட்ஸ்அப் பதிலைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்வார்களா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல், பேனாவால் போட்ட ஒரு கையெழுத்து கோப்பில் இருப்பதுதான் நிம்மதி. எங்கள் பாக்கி சில மாதம் பழையதுதான், அவசரமே இல்லை. ஆனாலும் உறவு நன்றாக இருக்கும்போதுதான் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும்.

ஜூலை தவணை சரியாக வந்தது. ஆகஸ்டில் ஒரு சிக்கல். ஆகஸ்ட் 4 அன்று யுபிஐயில் 31,500 வந்தது, குறிப்பு எதுவும் இல்லை. கடைப் பையன் முழுவதையும் பழைய பாக்கியில் வரவு வைத்துவிட்டான். அதே வாரம் அவர் வாங்கியிருந்த 11,500 ரூபாய் புது பில் கணக்கில் அப்படியே நின்றது. மறுநாள் அவர் ஆள் சரக்கு எடுக்க வந்தபோது, புது பில் பாக்கி என்று கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். அவர் கோபமாக எனக்கு போன் பண்ணினார். 20,000 தவணை, 11,500 புது பில், கூட்டினால் 31,500. தவணையும் புதுச் சரக்கும் தனித்தனி என்று மெசேஜில் எழுதியிருந்ததால், திருத்துவதற்குப் பத்து நிமிடம் ஆகவில்லை, சரக்கும் போய்விட்டது.

அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரையான பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. பல கடன் இருக்கும்போது, எந்தக் கடனுக்கு என்று கொடுப்பவர் சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்தும் தெரியவில்லை என்றால் வாங்குபவர் தன் விருப்பப்படி வைக்கலாம். ரெண்டு பேரும் எதுவும் செய்யாவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகப் போகும். அதாவது சட்டப்படி முதல் உரிமை பணம் கொடுப்பவருக்கு. ஒரு சின்னக் குறிப்பு போடாததால் அந்த உரிமை கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. யுபிஐயில் குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறது, நெஃப்டில் ரிமார்க்ஸ் என்று இருக்கிறது. அதுவும் மறந்துவிட்டால், பணம் அனுப்பியவுடன், அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யூடிஆர் எண்ணைப் போட்டு 'இது பழைய பாக்கித் தவணை' என்று ஒரு மெசேஜ் போதும்.

செப்டம்பரில் 45,000க்குப் பதில் 30,000 வந்தது. முந்தைய நாளே போன் பண்ணிவிட்டார். பள்ளி நோட்டுப் புத்தக வேலைக்கு வர வேண்டிய பணம் தாமதமாம், மீதி 15,000 இருபதாம் தேதி என்றார். முதலாளியும் ஒத்துக்கொண்டார். பல பேர் ஆரம்பத்தில் அழகாக எழுதிவிட்டு இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மாற்றத்தை மறுபடி போனில் மட்டும் பேசிவிட்டால், எழுத்தில் இருப்பது ஒன்று, நடப்பது வேறு. அப்புறம் அந்தப் பழைய மெசேஜே ரெண்டு பேருக்கும் எதிராக நிற்கும். நான் புதிதாக முழுத் திட்டத்தையும் எழுதவில்லை. "ஜூன் மாதம் எழுதிய தவணைத் திட்டத்தில் ஒரே மாற்றம்: செப்டம்பர் 5 தவணையில் 30,000 வந்தது, மீதி 15,000 செப்டம்பர் 20. இதைத் தவறிய தவணையாகக் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற தேதிகளும் தொகைகளும் முன்பு எழுதியபடியே. இதுவரை வந்தது 70,000, மீதி 1,06,000." அவ்வளவுதான். 'தவறியதாக எடுக்கவில்லை' என்ற வரியை அவர் கேட்கவில்லை. வட்டி பற்றி எழுதியிருப்பதால் அவருக்கு அது உறுத்தலாக இருக்கும் என்று நானே சேர்த்தேன். இருபதாம் தேதி பணம் வந்தது.

செக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனையில் பல கடைகளில் தவணை பேசினால் முழுத் தொகைக்கு ஒரு செக்கை 'பாதுகாப்புக்கு' என்று வாங்கி வைப்பார்கள். நாங்கள் இதில் வாங்கவில்லை. பாதிப் பணம் வந்த பிறகு அதே முழுத் தொகைச் செக்கை, வந்த தொகையை அதில் குறிக்காமல் வங்கியில் போட்டு, அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கிய கடைக்காரருக்கும் பயன் குறைவு, கொடுத்தவருக்கோ அது எப்போது வங்கிக்குப் போகுமோ என்ற பயம். ஏற்கெனவே செக் கொடுத்திருந்தால் அதன் எண், தொகை, எப்போது திருப்பித் தரப்படும் என்பதையும் அதே மெசேஜில் எழுதச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்க வேண்டியவராக நீங்கள் இருந்தால், எதிர்ப்பக்கம் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே எழுதி அனுப்புங்கள். 'கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்று சும்மா இருக்கும்போது வட்டியும் ஆரம்பத் தொகையும் அவர்கள் கணக்கில் இருப்பதுபோலவே நிலைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: எழுதி ஒப்புக்கொள்வது கடனையும் ஒப்புக்கொள்வதுதான். தொகையில் சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்டேட்மென்ட் கேளுங்கள், சந்தேகமான பில்லைத் தனியாகக் குறிப்பிட்டு 'இது நீங்கலாக' என்று எழுதுங்கள். எதிரில் இருப்பவர் கடையின் ஆள் என்றால், விட்டுக்கொடுக்கும் விஷயங்களில் முதலாளியின் சம்மதம் உண்டா என்று கேட்டு அதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

நவம்பர் 4 அன்று கடைசி 46,000 வந்தது. அன்றைக்கே மூன்று பில், ஒரு கிரெடிட் நோட், வந்த தொகைகள் எல்லாம் தேதி, யூடிஆர் எண்ணோடு ஒரே பக்கத்தில் போட்டு, "ஏப்ரல் 4 முதல் மே 9 வரையான மூன்று பில்லுக்கும் இனி பாக்கி எதுவும் இல்லை, வட்டியும் இல்லை" என்று எழுதி, கடை முத்திரை வைத்து அவருக்கு அனுப்பினேன். அதைக் கேட்டு வாங்க வேண்டியது பணம் கொடுத்தவரின் உரிமை. அவரது ஆடிட்டர் ஜிஎஸ்டி கணக்குக்காக அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டார்.